கஷ்டக்கதையும் வேண்டாம், அடையாள லேபிளும் போதாது: மேற்படிப்பு விண்ணப்பத்தில் 'பர்சனல் ஸ்டேட்மென்ட்' எழுதுவது எப்படி?

டிசம்பர் டெட்லைன் நெருங்குகிறது. 'ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்ப்பஸ்' எழுதியாச்சு. பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியர்களிடம் சொல்லியாச்சு. அப்போதுதான் விண்ணப்பத்தில் இன்னொரு கட்டுரை கண்ணில் படும்: உங்கள் பின்னணியும் அனுபவங்களும் மேற்படிப்பை நோக்கி உங்களை எப்படிக் கொண்டுவந்தன? நீங்கள் இந்தக் கல்விச் சமூகத்துக்கு என்ன கொண்டுவருவீர்கள்?

அமெரிக்காவில் பெர்க்லி, மிச்சிகன் போன்ற பல்கலைக்கழகங்கள் இப்படி இரண்டு தனித்தனி கட்டுரைகளைக் கேட்டு வருகின்றன. முதலாவது ஆராய்ச்சி பற்றியது. இரண்டாவதுக்கு 'பர்சனல் ஸ்டேட்மென்ட்', 'பர்சனல் ஹிஸ்டரி', 'டைவர்சிட்டி ஸ்டேட்மென்ட்' என்று இடத்துக்கு இடம் பெயர் மாறும். பலர் தடுமாறுவது இந்த இரண்டாவதில்தான்.

ரெண்டு பக்கமும் பள்ளம்

சிலர் பட்ட கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிடுவார்கள். இன்னும் சிலர் சாதி, ஊர், பாலினம் என்று லேபிளை மட்டும் ஒட்டிவிட்டு, "இதனால் உங்கள் வளாகத்தின் பன்முகத்தன்மை கூடும்" என்று முடித்துவிடுவார்கள். இரண்டிலும் ஒரே குறைதான்: எழுதியவர் என்ன செய்தார் என்பது கட்டுரையில் இல்லை.

ஒரு கற்பனை விண்ணப்பதாரரை எடுத்துக்கொள்வோம். ராமநாதபுரம் மாவட்டத்துக் கிராமம். தமிழ் மீடியம். வீட்டில் முதல் பட்டதாரி. சிவில் இன்ஜினீயரிங் முடித்துவிட்டு பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறார். அவருடைய முதல் டிராஃப்ட்டைத் தமிழில் சொன்னால் இப்படி இருக்கும்:

"பின்தங்கிய கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தேன். அப்பா கூலித் தொழிலாளி. தமிழ் மீடியத்தில் படித்ததால் கல்லூரியில் மிகவும் கஷ்டப்பட்டேன், அவமானப்பட்டேன். ஆனாலும் மனம் தளராமல் இந்த நிலைக்கு வந்திருக்கிறேன். என் பின்னணி உங்கள் துறைக்குப் பன்முகத்தன்மை சேர்க்கும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் மாவட்டத்தின் பெயரை மாற்றினால் ஆயிரம் பேருக்கு இது பொருந்தும். அவருக்கு என்ன நடந்தது என்று தெரிகிறது. அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியவில்லை. படிக்கும் பேராசிரியருக்கு இரக்கம் வரலாம். இவரை நம் ஆய்வகத்தில் சேர்த்தால் எப்படி இருப்பார் என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்காது.

அதே ஆள், அதே வாழ்க்கை, வேறு டிராஃப்ட்

"பன்னிரண்டாம் வகுப்பு வரை அறிவியலைத் தமிழில் படித்தேன். கல்லூரி முதலாமாண்டில் ஆசிரியர் 'மொமென்ட்' என்றதும், எங்கள் பாடநூலில் இருந்த 'உந்தம்' அதுதான் என்று நினைத்து, சில வாரங்கள் தவறான சமன்பாட்டைப் போட்டுக்கொண்டிருந்தேன். உந்தம் என்பது 'மொமென்டம்'. 'மொமென்ட்' என்பது திருப்புத்திறன். இரண்டு கருத்துமே பள்ளியிலேயே எனக்குத் தெரியும். தெரியாதது ஆங்கிலப் பெயர்தான்.

விடுதியில் இன்னும் ஐந்து பேர் இதேபோல் தடுமாறினார்கள். ஒரு நோட்டில் தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், ஒரு வரைபடம் என்று எழுத ஆரம்பித்தோம். ஞாயிறு மாலைகளில் கூடினோம். முதலில் தமிழில் விளக்க வேண்டும், பிறகு ஆங்கிலத்தில் எழுத வேண்டும் என்பது விதி. அடுத்த செமஸ்டரில் 14 பேர் ஆனோம். இருவர் பாதியில் நின்றார்கள். அவர்களுக்குச் சிக்கல் மொழியில் இல்லை, கணிதத்தில் இருந்தது. அதை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். இப்போது யார் தவறாகப் போட்டாலும், தெரியாதது கருத்தா, சொல்லா என்று முதலில் பார்க்கிறேன். டீச்சிங் அசிஸ்டன்ட்டாக வகுப்பெடுக்கும்போதும் அங்கிருந்துதான் தொடங்குவேன்."

இதில் வறுமை என்ற சொல்லே இல்லை. தமிழ் மீடியம் லேபிளாக நிற்காமல், மற்றவர்கள் பார்க்காத ஒரு சிக்கலைப் பார்க்க வைத்த இடமாக மாறியிருக்கிறது. செய்த வேலை இருக்கிறது, எண்ணிக்கை இருக்கிறது, சறுக்கலும் இருக்கிறது. 'தாமதமாகத்தான் கவனித்தேன்' என்ற வரி அவரைக் குறைத்துக் காட்டவில்லை, நம்ப வைக்கிறது. கடைசி வரி சொல்வது அவர் அங்கே போய்ச் செய்யப்போகும் வேலையை.

அப்போ கஷ்டத்தைச் சொல்லவே கூடாதா?

சொல்லலாம். அடுத்து வரும் செயல் புரிவதற்கு எவ்வளவு தேவையோ அவ்வளவு. அப்பாவின் உடல்நிலை காரணமாக ஒரு செமஸ்டர் மதிப்பெண் சரிந்தது என்றால், என்ன நடந்தது, எப்போது, அதன் பிறகு மதிப்பெண் எப்படி மீண்டது என்று இரண்டு மூன்று வரி போதும். 'கூடுதல் தகவல்' என்று தனி இடம் இருந்தால் அதை அங்கே போட்டுவிட்டு, கட்டுரையை வேறு விஷயத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

சாதி, நோய், குடும்ப வன்முறை போன்றவற்றைச் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர்காலத்தில் தனக்கு வழிகாட்டியாக வரப்போகும் பேராசிரியரும் இதைப் படிக்கக்கூடும். அவருக்குத் தெரிந்தால் பரவாயில்லை என்று தோன்றுவதை மட்டும் எழுதலாம். சாதி பற்றி எழுத முடிவெடுத்தால், எம்பிசி, எஸ்சி போன்ற சுருக்கங்கள் வெளிநாட்டு வாசகருக்குப் புரியாது. அந்த அடையாளம் பள்ளியிலோ விடுதியிலோ எதைத் தீர்மானித்தது என்பதை ஒரு வாக்கியத்தில் விளக்க வேண்டும். முதல் பட்டதாரி என்பதை விளக்கத் தேவையில்லை. 'ஃபர்ஸ்ட் ஜெனரேஷன்' என்பது அங்கே பழக்கமான சொல்.

சென்னையில் வளர்ந்து, பெரிய கஷ்டம் எதுவும் இல்லாதவர்கள்? இல்லாத கஷ்டத்தை உருவாக்க வேண்டாம். பார்வையற்ற மாணவருக்கு 'ஸ்க்ரைப்' ஆகத் தேர்வு எழுதியபோது வினாத்தாளின் வரைபடத்தை வாயால் விவரிக்க முடியாமல் திணறியது, அதன் பிறகு செய்தது என்ன? இதுவும் அதே கேள்விக்கான பதில்தான்.

2023 தீர்ப்பு என்ன சொல்கிறது?

2023 ஜூன் 29 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹார்வர்டு மற்றும் வட கரோலினா பல்கலைக்கழக வழக்குகளில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறையை ரத்து செய்தது. அதேநேரம், இனம் தன் வாழ்க்கையை எப்படிப் பாதித்தது என்று விண்ணப்பதாரர் எழுதுவதைத் தடுக்கவில்லை. ஆனால் அது அவருடைய குணத்தோடும் திறனோடும் இணைய வேண்டும், அவரைத் தனிமனிதராகவே மதிப்பிட வேண்டும் என்றது. வெறும் லேபிள் வேலைக்கு ஆகாது என்பதற்கு இப்போது சட்டக் காரணமும் சேர்ந்துவிட்டது. கேள்வியின் சொற்களும் மாறி வருகின்றன. அதனால் சீனியரின் பழைய கட்டுரையை வைத்து எழுதாமல், இந்த ஆண்டு விண்ணப்பத்தில் இருக்கும் கேள்வியைப் படிப்பது அவசியம். 'டைவர்சிட்டி' என்ற சொல் இல்லாமலேயே அதே விஷயத்தைக் கேட்டிருக்கலாம்.

அனுப்பும் முன் ரெண்டு செக்

ஒன்று, அடையாளச் சொற்களை எல்லாம் மறைத்துவிட்டுப் படியுங்கள். மிச்சம் எதுவுமே நிற்கவில்லை என்றால் அது லேபிள் கட்டுரை. அடையாளம் போனதும் 'இந்தச் சிக்கல் இவர் கண்ணில் எப்படிப் பட்டது?' என்ற கேள்வி மட்டும் எழுந்தால் கட்டுரை சரியான இடத்தில் இருக்கிறது.

இரண்டு, ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைச்சொல்லைப் பாருங்கள். 'பட்டேன், இழந்தேன், சந்தித்தேன்' அதிகமா, 'பார்த்தேன், மாற்றினேன், கற்றேன்' அதிகமா? முதல் வகை பாதிக்கு மேல் இருந்தால், கடைசிப் பத்தியை மெருகேற்றிப் பயனில்லை. முதல் பத்தியிலிருந்து திரும்ப எழுத வேண்டியதுதான்.