இ.சி.ஜி. தாளில் டாக்டர் முதலில் எதைப் பார்க்கிறார்?

இ.சி.ஜி. எடுத்து முடித்ததும் கைக்கு வரும் இளஞ்சிவப்புக் கட்டத்தாளில் மேலும் கீழுமாகக் கோடுகள் ஓடும். டாக்டர் அதில் முதலில் பார்ப்பது பெயர், வயது, எடுத்த நேரம். அடுத்து, தாள் விநாடிக்கு 25 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடியதா என்று பார்ப்பார். வேகம் மாறியிருந்தால் கட்டங்களை எண்ணிச் சொல்லும் கணக்கெல்லாம் தப்பாகிவிடும். அந்த வேகத்தில் ஒரு சின்னக் கட்டம் 0.04 விநாடி, ஐந்து சின்னக் கட்டம் சேர்ந்த பெரிய கட்டம் 0.2 விநாடி.

ஒவ்வொரு துடிப்பிலும் மூன்று அசைவுகள் பதிவாகின்றன. முதலில் வரும் சிறு மேடு ‘பி’ அலை. இதயத்தின் மேலறைகளில் மின்சாரம் பரவுவதை அது காட்டுகிறது. அடுத்து ஊசிபோல் எழுவது ‘க்யூ.ஆர்.எஸ்.’, கீழறைகள் தூண்டப்படும் நேரம் அது. கடைசியாக வரும் அகன்ற மேடு ‘டி’ அலை. கீழறைகள் அடுத்த துடிப்புக்குத் தயாராவதன் அடையாளம்.

சீரான துடிப்பில் ஊசிகளுக்கு இடையே உள்ள தூரம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் ஒரு பி அலை இருக்கும். பி தொடங்கியதிலிருந்து ஊசி தொடங்கும் வரை மூன்று முதல் ஐந்து சின்னக் கட்டம் இருக்கும். ஊசியின் அகலம் மூன்று சின்னக் கட்டத்துக்குள் அடங்கும். துடிப்பு எத்தனை என்று நீங்களே கணக்கிடலாம்: இரண்டு ஊசிகளுக்கு நடுவில் நான்கு பெரிய கட்டம் இருந்தால், 300-ஐ நான்கால் வகுங்கள். நிமிடத்துக்கு 75. பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 வரை இயல்பு.

படபடப்பு என்று வந்த ஒருவரின் தாளில் ஊசிகளின் இடைவெளி இரண்டு கட்டம், நான்கு, மூன்று, இரண்டரை என்று தாறுமாறாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே 300-ஐ வகுக்கும் கணக்கு உதவாது. அதனால் பத்து விநாடிப் பதிவில் உள்ள ஊசிகளை எண்ணி ஆறால் பெருக்குவார்கள். 18 ஊசி என்றால் 108. பி அலையைத் தேடினால் அது எங்கும் இல்லை, அந்த இடத்தில் கோடு நடுங்குகிறது. இது ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’. மேலறைகள் சரியாகச் சுருங்காததால் அங்கே ரத்தம் உறைந்து, கட்டி மூளைக்குப் போய்ப் பக்கவாதம் வரலாம். அதனால்தான் இவர்களில் பலருக்கு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தருகிறார்கள். கை நடுக்கம் இருந்தாலும், பட்டை சரியாக ஒட்டாவிட்டாலும் கோடு நடுங்கும். சந்தேகம் வந்தால் மறுபடி எடுப்பார்கள்.

நெஞ்சுவலியோடு வந்தவருக்கு, ஊசிக்கும் டி அலைக்கும் நடுவிலுள்ள கோடு மேலேறியிருக்கிறதா என்று உடனே பார்ப்பார்கள். ஏறியிருந்தால் மாரடைப்பாக இருக்கலாம். ஆனால் மாரடைப்பின் தொடக்கத்தில் இ.சி.ஜி. இயல்பாகவும் இருக்கலாம். ஆகவே முதல் தாள் நன்றாக இருக்கிறது என்பதற்காக, வலி நிற்காமல் வீட்டுக்குக் கிளம்பாதீர்கள். பழைய தாள்களையும் பத்திரமாக வையுங்கள். புதிய மாற்றம் எது என்பது ஒப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும். வெப்பத்தாளில் எழுத்து மங்கிவிடும் என்பதால், அன்றைக்கே ஜெராக்ஸ் எடுத்துவிடுங்கள்.