சாம்பல் நிற லேயரில் ஒளிந்திருக்கும் வெளிச்சம்

சன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு பாட்டியின் படம். அன்று மேகமூட்டம். கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் ஒரே மாதிரி வெளிறி, முகம் தட்டையாக விழுந்திருக்கிறது. அதை எடுப்பாக்க வெளிச்சத்தைக் கொஞ்சம் இடம் மாற்ற வேண்டும்.

இருட்டறைக் காலத்திலேயே இந்த வித்தை உண்டு. பிரிண்ட் போடும்போது கம்பியில் ஒட்டிய அட்டைத் துண்டால் ஒளியை மறைத்தால் அந்த இடம் வெளுக்கும், அதுதான் டாட்ஜ். ஓட்டை போட்ட அட்டை வழியாகக் கூடுதல் ஒளி விட்டால் கறுக்கும், அது பர்ன்.

போட்டோஷாப்பில் இதைப் படத்தின் மேலேயே செய்தால் பிறகு திருத்துவது கடினம். அதனால் Shift+Ctrl+N அழுத்தி ஒரு புது லேயர் எடுங்கள். Mode-ஐ Soft Light என்று வைத்து, கீழே 50% gray நிரப்பும் கட்டத்தை டிக் செய்யுங்கள். இந்த மோடில் நடுச்சாம்பல் கண்ணுக்கே தெரியாது. படம் அப்படியே இருக்கும். அதைவிட வெளுத்த இடத்தில் மட்டும் படம் ஒளிரும், கறுத்த இடத்தில் இருளும்.

டூலை எடுக்கும் முன் பாட்டியின் கண்மணியைப் பாருங்கள். சன்னலின் வெள்ளைப் பொட்டு படத்தின் இடப்பக்கம் மின்னுகிறது என்றால், வெளிச்சம் அங்கிருந்துதான் வருகிறது. அந்தப் பக்கத்துக் கன்ன எலும்பின் மேடு, நெற்றி, மூக்குத்தண்டு ஆகியவற்றை டாட்ஜ் செய்யுங்கள். எதிர்ப்பக்கம் கன்ன எலும்புக்குக் கீழுள்ள பள்ளத்தையும் தாடையின் அடியையும் பர்ன் செய்யுங்கள். Exposure 3 முதல் 5 சதவீதம் போதும். மென்மையான பிரஷ்ஷால் நாலைந்து முறை மெல்லத் தடவ வேண்டும்.

பலரும் தடுக்கி விழுவது Range-இல். நெற்றி பளிச்சென்று இருக்கிறதே என்று Highlights வைப்பார்கள். டூல் தொடுவதோ நெற்றியை அல்ல, சாம்பலை. அதனால் Midtones-தான் சரி.

அவ்வப்போது படத்தைச் சிறிதாக்கிப் பாருங்கள். திட்டுத்திட்டாகத் தெரிந்தால் கை மிஞ்சிவிட்டது. லேயரின் கண் குறியை Alt பிடித்துக் கிளிக் செய்தால் சாம்பல் மட்டும் தெரியும். கறையும் கோடும் அங்கே பிடிபடும். பிசகிய இடத்தில் அதே நடுச்சாம்பலைப் பூசினால் பழைய தோல் திரும்பிவிடும். பர்ன் செய்த தோல் செங்கல் நிறத்துக்குப் போனால் லேயரின் Opacity-யைக் குறையுங்கள்.

வெயில் பட்டு முழு வெள்ளையாகிப்போன இடத்தை மட்டும் இந்த லேயரால் மீட்க முடியாது. Soft Light-இல் வெள்ளை மேல் எவ்வளவு கறுப்புப் பூசினாலும் வெள்ளை வெள்ளைதான். அதைப் படம் எடுக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.