தானே மேலேறிய பெட்டி

லாரியிலிருந்து சரக்கு இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். லாரியின் பின்புறத்திலிருந்து தரைக்கு ஒரு நீண்ட பலகையைச் சாய்த்து வைத்து, பெட்டிகளை அதன்மேல் சறுக்கி விடுவார்கள். சரிவு அதிகமாக இருந்தால் பெட்டி சறுக்கி இறங்கும். சரிவு குறைவாக இருந்தால் வைத்த இடத்திலேயே நிற்கும். எந்தப் பெட்டியும் தானாக மேலே ஏறியதில்லை. ஆனால், என் மாணவர் ஒருவரின் விடைத்தாளில் ஒரு பெட்டி அப்படி ஏறிவிட்டது!

கணக்கு இதுதான்: 20 கிலோகிராம் நிறையுள்ள பெட்டி, 15 பாகை சாய்ந்த பலகையில் அசையாமல் வைக்கப்படுகிறது. உராய்வுக் குணகம் 0.3. பெட்டியின் முடுக்கம் என்ன? மாணவர் எழுதிய விடை: சரிவில் மேல்நோக்கி 0.3 மீ/வி². பெருக்கல், வகுத்தலில் ஒரு பிழையும் இல்லை. அப்படியானால் தவறு எங்கே? தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள், தேடிப் பார்ப்போம்.

முதலில் லாரியையும் பலகையையும் மறந்துவிட்டு, பெட்டியை மட்டும் வரையுங்கள். இனி, பெட்டியின்மீது எவை விசை செலுத்துகின்றன என்று கேளுங்கள். பூமி அதைக் கீழே இழுக்கிறது, அதுதான் எடை. இந்த அம்பு நேர் கீழாக இருக்க வேண்டும், சரிவை ஒட்டி அல்ல. பெட்டியைத் தொட்டுக்கொண்டிருப்பது பலகை ஒன்றே. பலகை தன் பரப்புக்குச் செங்குத்தாகப் பெட்டியைத் தள்ளுகிறது; இது செங்குத்து எதிர்விசை. பரப்பை ஒட்டி, சறுக்கலைத் தடுக்கும் திசையில் உராய்வு விசையையும் தருகிறது. ஆக மூன்றே அம்புகள். இதுவே தனித்த பொருள் விசைப்படம்.

‘சறுக்கு விசை’ என்று நான்காவதாக ஓர் அம்பைச் சிலர் சேர்ப்பார்கள். அதைச் செலுத்துவது யார் என்று கேட்டால் பதில் இராது. செலுத்துபவர் இல்லாத விசைக்குப் படத்தில் இடமில்லை.

பெட்டி பலகையை ஒட்டித்தான் நகர முடியும். எனவே எடையைச் சரிவை ஒட்டி ஒரு கூறாகவும், அதற்குச் செங்குத்தாக மற்றொரு கூறாகவும் பிரிக்கிறோம். சரிவை ஒட்டியது mg sin θ. செங்குத்தானது mg cos θ. எது sin, எது cos என்று குழம்பினால், பலகையைத் தரையில் கிடத்தியதாக எண்ணிக்கொள்ளுங்கள். கோணம் சுழி, அப்போது சறுக்க வைக்கும் கூறும் சுழியாக வேண்டும். sin 0° = 0 அல்லவா?

புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டால் எடை 200 நியூட்டன். சரிவை ஒட்டிய கூறு 200 × 0.259, அதாவது சுமார் 52 நியூட்டன். பெட்டி பலகைக்குள் அமிழவுமில்லை, மேலெழும்பவுமில்லை. ஆகவே எதிர்விசை செங்குத்துக் கூறுக்குச் சமம்: 200 × 0.966 = 193 நியூட்டன். இது எடையைவிடக் குறைவு என்பதைக் கவனியுங்கள். இதை 0.3 ஆல் பெருக்கினால் 58 நியூட்டன்.

மாணவர் இங்கேதான் இடறினார். உராய்வு 58, சறுக்கும் கூறு 52. மீதி 6 நியூட்டன் மேல்நோக்கி. அதை 20 ஆல் வகுத்தால் 0.3! ஆனால் 58 என்பது பலகை தரக்கூடிய உராய்வின் உச்ச அளவே. பெட்டி நிற்கும்போது உராய்வு தேவையான அளவுக்கு மட்டுமே எழும். இழுப்பது 52 என்றால் தடுப்பதும் 52. முடுக்கம் சுழி, பெட்டி நிற்கிறது.

பலகையை 30 பாகைக்குச் சாய்த்தால் என்ன ஆகும்? சரிவை ஒட்டிய கூறு 100 நியூட்டன், எதிர்விசை 173, உராய்வின் உச்ச அளவு 52. நூறை ஐம்பத்திரண்டால் தடுக்க முடியாது, பெட்டி சறுக்குகிறது. சறுக்கும்போது உராய்வுக் குணகம் சற்றுக் குறைவதுண்டு, எளிமைக்காக 0.3 என்றே வைத்துக்கொள்வோம். மீதி விசை 48 நியூட்டன். F = ma விதிப்படி முடுக்கம் 48 ÷ 20 = 2.4 மீ/வி².

இதே பெட்டியைக் கீழிருந்து ஓங்கித் தள்ளிக் கையை எடுத்துவிட்டால், அது சிறிது தூரம் மேலேறும். அப்போது உராய்வு கீழ்நோக்கித் திரும்பிவிடும். 100-உம் 52-உம் சேர்ந்து 152 நியூட்டன் கீழே இழுக்க, பெட்டியின் வேகம் 7.6 மீ/வி² வீதம் குறையும். தள்ளிய கையின் விசையை இந்தப் படத்தில் வரையாதீர்கள், கைதான் விலகிவிட்டதே!

ஆகவே இத்தகைய கணக்குகளில் முதல் கேள்வி: பெட்டி நிற்கிறதா, நகர்கிறதா, எந்தப் பக்கம்? அதற்குப் பிறகே உராய்வு அம்பை வரைய வேண்டும்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். அட்டை போட்ட புத்தகத்தின்மேல் ஒரு நாணயத்தை வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். நாணயம் நழுவும் கணத்தில் நிறுத்தி, உயர்ந்த முனையின் உயரத்தையும், அதற்கு நேர் கீழிருந்து மறுமுனை வரையுள்ள தூரத்தையும் அளந்து, உயரத்தைத் தூரத்தால் வகுங்கள். கிடைப்பது ஓய்வுநிலை உராய்வுக் குணகம். நாணயத்தின் நிறை ஏன் தேவைப்படவில்லை? விசைப்படம் வரைந்தால் விடை உங்களுக்கே புலப்படும்.