எந்தப் பதிவு எத்தனை பேரைக் கொண்டுவந்தது?

வலிகாமம் வடக்குக் காணி விடுவிப்புச் செய்திகளைப் பெற விரும்புவோரின் தொலைபேசி இலக்கங்களை நான் கூகுள் படிவம் மூலம் சேர்க்கிறேன். படிவத்தை ஷீட்டுடன் இணைத்துவிட்டால் பதில்கள் தாமாக அங்கே வந்து சேரும். கேள்விகள் இரண்டுதான்: தொலைபேசி இலக்கம், பதிவுக் குறியீடு. பெயர் கேட்பதில்லை.

படிவத்தின் மூன்று புள்ளி மெனுவில் `Pre-fill` எனத் தொடங்கும் தெரிவைத் திறந்து, குறியீட்டுக் கட்டத்தில் மட்டும் `fb1` என எழுதி இணைப்பைப் பெறுகிறேன். இலக்கக் கட்டத்தையும் நிரப்பினால் என் இலக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடும். இந்த இணைப்பை முதலாவது முகநூல் பதிவில் இடுகிறேன். வட்ஸ்அப்புக்கு, இணைப்பின் முடிவிலுள்ள `fb1` என்பதை `wa1` என மாற்றினால் போதும்.

ஷீட்டில் குறியீடு C நிரலில் விழும். முகநூல் பதிவால் வந்தவர்களை இப்படி எண்ணலாம்:

```
=COUNTIF(C:C,"fb1")
```

முகநூல் இணைப்பை ஒருவர் வட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், அங்கிருந்து வருவோரும் `fb1` என்றே பதிவாவர். குறியீட்டை அழித்துவிட்டு அனுப்புவோரும் உண்டு. அவர்களின் கட்டம் வெறுமையாக இருக்கும்.

ஷீட்டின் பகிர்வு `Restricted` என்றே இருக்கவேண்டும். இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என விட்டால், காணி பற்றி விசாரிப்பவர்களின் இலக்கங்கள் வேண்டாதவர் கைக்கும் போகும்.