ரூ.1,499++ என்றால் எவ்வளவு?

ஏப்ரல் பிறந்ததுமே ஓட்டல்களின் இன்ஸ்டாகிராம் பக்கங்களில் மாவிலைத் தோரணம் கட்டிவிடுகிறார்கள். 'தமிழ்ப் புத்தாண்டு ஸ்பெஷல் பஃபே' என்று பெரிய எழுத்து, வெள்ளிக் கிண்ணத்தில் மாங்காய்ப் பச்சடி, மூலையில் வேப்பம்பூ. இவற்றுக்கெல்லாம் கீழே, பூதக்கண்ணாடி தேவைப்படும் அளவில், 'ரூ.1,499++'. குடும்பத்தோடு போக நினைப்பவர் தேடுவது என்னவோ அந்தப் பொடி எழுத்தைத்தான்.

விலைக்குப் பின்னால் வரும் இரண்டு கூட்டல் குறிகள் ஓட்டல் தொழிலின் சுருக்கெழுத்து. வரி தனி, சில இடங்களில் சர்வீஸ் சார்ஜும் தனி என்பது அதன் பொருள். இதை எல்லோரும் அறிந்திருப்பார்கள் என்று பதிவு எழுதுபவர் நினைத்துக்கொள்கிறார். பில் வரும்போதுதான் பிரச்சினை.

கணவன், மனைவி, எட்டு வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவருக்கு 1,499, பிள்ளைகளுக்கு 750. மொத்தம் 4,498 ரூபாய். தனி உணவகமாக இருந்தால் பொதுவாக 5 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து சுமார் 4,723 ஆகும். ஓர் இரவு அறை வாடகை 7,500 ரூபாயைத் தாண்டும் ஓட்டலுக்குள் இருக்கும் உணவகமென்றால் வரி 18 சதவீதம். பில் 5,308 ரூபாய். அதே விலை, அதே பாயசம், கிட்டத்தட்ட 600 ரூபாய் வித்தியாசம். 'வரி உட்பட ரூ.1,769' என்று போட்டால் பார்க்கக் கூடுதலாகத் தெரியும் என்ற பயம்தான் பல ஓட்டல்களைக் கூட்டல் குறிக்குள் ஒளிய வைக்கிறது.

சர்வீஸ் சார்ஜ் கதை வேறு. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டு நெறிமுறை வெளியிட்டது. உணவகச் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் ஆணையத்தின் பக்கமே தீர்ப்பளித்தது. ஆகவே இரண்டாவது கூட்டல் குறி எதற்கு என்று வாடிக்கையாளர் தாராளமாகக் கேட்கலாம்.

விலைக்கு அடுத்த வம்பு நேரம். 'மதியம் 12 முதல் 3.30 வரை' என்று மட்டும் போட்டால், 3.10-க்கு ஐந்து பேர் நிதானமாக வந்து இறங்குவார்கள். அதற்குள் வடைத் தட்டு காலியாகியிருக்கும். சமையல்காரர் அடுப்பை அணைத்திருப்பார். 3.30 என்பது உள்ளே வரக் கடைசி நேரமா, பரிமாறுவதை நிறுத்தும் நேரமா? கல்யாண வீட்டுப் பாணியில் 'முதல் பந்தி, இரண்டாம் பந்தி' என்று பிரித்துச் சொல்லும் ஓட்டல்களில் இந்தக் குழப்பம் குறைவு.

இன்ஸ்டாகிராமில் பதிவின் முதல் ஓரிரு வரிகள்தான் கண்ணில் படும். மீதியைப் படிக்கத் தட்டித் திறக்க வேண்டும். வாழ்த்துச் செய்தியை அங்கே நிரப்பிவிட்டு, நாளையும் விலையையும் அடியில் தள்ளுவது வீண். முப்பது வகைப் பட்டியலும் வேண்டாம். அன்றைக்கு மட்டும் கிடைக்கும் ஒரு பண்டத்தைச் சொன்னால் போதும். ஏழு வரிக்குள் எல்லாம் அடங்கிவிடும்:

சித்திரை 1 – 14 ஏப்ரல் 2026, செவ்வாய்
புத்தாண்டு மதிய பஃபே, சைவம் மட்டும்
வேப்பம்பூ ரசம் உண்டு
முதல் பந்தி 12.00–1.30; இரண்டாம் பந்தி 2.00–3.30
வரி உட்பட: பெரியவர் ரூ.1,769, 5–10 வயது ரூ.885
முன்பதிவு அவசியம், ஏப்ரல் 12 மாலை 6 மணி வரை
அழைக்க அல்லது வாட்ஸ்அப்: (எண்)

வருடத்தையும் கிழமையையும் சேர்த்திருப்பது சும்மா அல்ல. படத்தைச் சேமித்து வைத்து அடுத்த சித்திரையில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடும் பெரியப்பாக்கள் எல்லா ஊரிலும் உண்டு. வருடம் இல்லாவிட்டால் பழைய விலையை நம்பி ஒரு கூட்டம் வரும். அதே காரணத்துக்காக ஓட்டலின் பெயர், நாள், விலை, தொலைபேசி எண் நான்கும் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். படம் ஊர் சுற்றும்போது கீழே எழுதியது கூடவே போகும் என்று சொல்ல முடியாது. இணைய முகவரியைப் பதிவில் எழுதுவதும் பயன்படாது. இன்ஸ்டாகிராமில் அதைத் தட்டினால் திறக்காது; முகப்புப் பக்கத்தில் போட்டால்தான் திறக்கும்.

இடம் நிரம்பிய பிறகும் வேலை இருக்கிறது. போட்ட படத்தை மாற்ற முடியாது. கீழே உள்ள எழுத்தைத் திருத்தலாம். 'இரண்டாம் பந்தி நிரம்பிவிட்டது' என்று முதல் வரியில் சேர்க்க ஒரு நிமிடம் ஆகாது. வாட்ஸ்அப்பில் போய்விட்ட பிரதிகளை அப்படித் திருத்த வழியில்லை. அதனால் பதிமூன்றாம் தேதி முழுக்க அந்த எண்ணை எடுத்துப் பதில் சொல்ல ஓட்டலில் ஒருவரை உட்கார வைத்தே ஆக வேண்டும்.