வெள்ளைத் தரையில் பிக்காச்சு ஏன் வழுக்குகிறது?

2016-இல் வெளிவந்த ‘போக்கிமான் கோ’ போன் விளையாட்டு பின்னர் கேமரா வழியே தரையை அறியும் வசதியைப் பெற்றது. ஆனாலும் கோலமிட்ட முற்றத்தில் ஊன்றி நிற்கும் பிக்காச்சு, பளபளக்கும் வெள்ளை டைல்ஸில் வழுக்கி மிதக்கும். ஏன்?

கேமரா படத்தில் நிறம் சட்டென மாறும் புள்ளிகளைத்தான் போன் பின்தொடர்கிறது. போனை மெல்ல நகர்த்தினால் அருகிலுள்ள புள்ளிகள் அதிகமாகவும் தொலைவிலுள்ளவை குறைவாகவும் இடம்பெயரும். அசைவு உணரிகளின் அளவையும் சேர்த்து அது தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரே மட்டத்தில் பல புள்ளிகள் அமைந்தால் அதைத் தரை என்று கொள்கிறது.

வெறும் வெள்ளையில் புள்ளிகள் இல்லை. பளபளப்பில் தெரியும் பிம்பமோ நாம் நகர நகர இடம் மாறி ஏமாற்றும். மங்கிய வெளிச்சத்தில் படம் கலங்கி, இருக்கும் புள்ளிகளும் தொலையும். விளக்கைப் போட்டு, தரையில் செய்தித்தாளை விரித்தால் போதும்.

கேமரா அனுமதியை மறுத்தாலும் விளையாடலாம். ஆனால் பிக்காச்சு வரையப்பட்ட பின்னணியில்தான் தோன்றும்.