ஒரே தங்கம், இரண்டு விலை

2020 மார்ச் 24 அன்று லண்டனில் உடனடிக் கொள்முதலுக்கு ஒரு விலையும், நியூயார்க்கின் காமெக்ஸ் சந்தையில் எதிர்கால ஒப்பந்தத்துக்கு இன்னொரு விலையும் ஓடின. வழக்கமாக அவுன்ஸுக்குச் சில டாலர்களே இருக்கும் வித்தியாசம் அன்று 60 டாலரைத் தாண்டியது.

வித்தியாசம் இருப்பது இயல்புதான். ஸ்பாட் விலை என்பது இன்றே பணம் கொடுத்து வாங்கும் விலை. ஃபியூச்சர்ஸ் விலை, இன்று பேசி முடித்துக் குறித்த மாதத்தில் பணம் கொடுத்துத் தங்கத்தை எடுக்கும் விலை. ஸ்பாட் 3,000 டாலர், வட்டி ஆண்டுக்கு 4 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கடன் வாங்கித் தங்கத்தை ஆறு மாதம் வைத்திருந்தால் வட்டி மட்டும் 60 டாலர். பெட்டக வாடகையும் காப்பீடும் சொற்பம். ஆகவே ஆறு மாத ஃபியூச்சர்ஸ் 3,060 டாலரை ஒட்டியே இருக்கும். அது 3,080 ஆனால், வணிகர்கள் கடனுக்குத் தங்கம் வாங்கி, அதே நொடியில் ஃபியூச்சர்ஸை விற்று, உறுதியான லாபத்தை எடுப்பார்கள். அந்த விற்பனையே விலையைக் கீழே இழுத்துவிடும்.

பலரும் ஃபியூச்சர்ஸ் விலையைத் தங்கம் ஏறப்போவதற்கான ஆரூடமாகப் படிக்கிறார்கள். அது பெரும்பாலும் வட்டிக் கணக்குதான். அதனால்தான் மூன்று மாதம் கழிந்ததும் 60 டாலர் 30 ஆகிறது. டெலிவரி நெருங்க நெருங்க ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. நடுவில் வட்டி விகிதம் கூடினால் இடைவெளியும் விரியும், குறைந்தால் சுருங்கும்.

இந்தக் கணக்கு ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது: தங்கத்தை வேண்டிய இடத்துக்கு, வேண்டிய வடிவில் கொண்டுபோக முடியும். லண்டன் பெட்டகங்களில் இருப்பவை சுமார் 400 அவுன்ஸ், அதாவது பன்னிரண்டரை கிலோ எடையுள்ள கட்டிகள். காமெக்ஸின் முக்கிய ஒப்பந்தமோ 100 அவுன்ஸ் கட்டி ஒன்றையோ கிலோ கட்டிகள் மூன்றையோ கேட்கும். பெரிய கட்டியை உருக்கிச் சிறியதாக வார்க்கும் வேலையில் சுவிட்சர்லாந்தின் டிச்சினோ மாநில ஆலைகளுக்குப் பெரும்பங்கு உண்டு. கொரோனா ஊரடங்கில் அங்கிருந்த மூன்று பெரிய ஆலைகள் மூடப்பட்டன. தங்கம் பெரும்பாலும் பயணிகள் விமானங்களின் அடிவயிற்றில்தான் பயணிக்கும், அவையும் நின்றன. லண்டன் தங்கத்தை நம்பி ஃபியூச்சர்ஸை விற்றிருந்தவர்கள் பதறிப்போய் என்ன விலை கொடுத்தேனும் அதைத் திரும்ப வாங்கப் பாய்ந்தார்கள். அந்தப் பதற்றம்தான் 60 டாலர்.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா தங்கத்துக்கும் இறக்குமதி வரி போடக்கூடும் என்ற அச்சத்திலும் இடைவெளி விரிந்தது. ஏப்ரலில் தங்கக்கட்டிகளுக்கு விலக்கு அறிவிக்கப்பட்டதும் சுருங்கியது.

இரு விலைகளும் விலகி நிற்பதைப் பார்த்தால், முதலில் டெலிவரி நாள்வரையான வட்டியைக் கழித்துப் பாருங்கள். பெரிதாக மிச்சம் இருந்தால், தங்கம் நகரும் வழியில் எங்கோ தடை இருக்கிறதா என்று தேடுங்கள்.